கோவையில் எழும்பும் கேக் உதகையில் ஏன் அமுங்குகிறது: மலை உயரத்துக்கு ஓவன் சூட்டையும் நேரத்தையும் மாற்றும் முறை

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் வண்டியில் போட்டுவிட்டு, கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் போய்ச் சேரும்போது அது தலையணை போல உப்பியிருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். உள்ளே இருந்த காற்று கூடவில்லை. வெளியே அழுத்தும் காற்றுதான் குறைந்துவிட்டது. அதே மலையின் உச்சியில் ஓர் ஓவனுக்குள் வைக்கப்படும் கேக் மாவிலும் ஆயிரக்கணக்கான சிறு காற்றுக் குமிழிகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. பாக்கெட்டுக்கு உறை இருக்கிறது. மாவுக் குமிழிக்கு இருப்பதெல்லாம் இன்னும் வேகாத ஈரமான மெல்லிய சுவர் மட்டுமே.

கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வால்பாறை சுமார் 1,100 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500, கோத்தகிரியும் குன்னூரும் 1,800 மீட்டரை ஒட்டி, உதகை 2,240. கோவையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் உதகையில் இருக்கும். ஆகவே ஒரே அளவு பேக்கிங் பவுடர் உண்டாக்கும் வாயு அங்கே கிட்டத்தட்ட கால் பங்கு அதிக இடத்தைப் பிடிக்கும். கோவையில் சரியாக எழும்பும் கேக் உதகையில் டின்னின் விளிம்பைத் தாண்டி எழும்பி, பிறகு நடுவில் அமுங்குவதன் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி தண்ணீர் கொதிக்கும் சூட்டில் இருக்கிறது. நடைமுறையில் அதுவே முக்கியமானது என்பது என் அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன், உதகையில் இருக்கும் அத்தை வீட்டில் ஒரு பிறந்தநாளுக்காகக் கோவையில் நான் நூறு முறை செய்த வெண்ணெய் கேக்கை ஓர் அளவும் மாற்றாமல் செய்தேன். இருபதாவது நிமிடத்தில் மேலே இருக்கும் கம்பியைத் தொடும் அளவுக்கு எழும்பியது. முப்பதாவது நிமிடத்தில் நடுப்பகுதி உள்வாங்கியது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கேக்குக்கு நடுவுல குட்டை வெட்டியிருக்குதே" என்றார். அந்தக் குட்டை எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், மாற்ற வேண்டியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே விளங்கும்.

கொதிக்கும் சூடும் கெட்டிப்படும் சூடும்

கோவையில் தண்ணீர் சுமார் 98.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. உதகையில் சுமார் 92.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. (இக்கட்டுரையில் வரும் டிகிரி அனைத்தும் செல்சியஸ்.) ஓவனை 180-இல் வைத்தாலும் 220-இல் வைத்தாலும், ஈரம் இருக்கும்வரை கேக்கின் உட்பகுதி தண்ணீர் கொதிக்கும் சூட்டைக் குறிப்பிடும்படி தாண்டாது. வரும் வெப்பம் அனைத்தும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும்.

மறுபுறம், கேக் கேக்காக நிற்க வேண்டுமானால், முட்டையின் புரதம் இறுக வேண்டும், மைதாவின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிப் பசைபோலக் கெட்டிப்பட வேண்டும். வெறும் தண்ணீரில் மைதா 70 டிகிரிக்குள் இதைச் செய்து முடித்துவிடும். சர்க்கரை சேரும்போது அது தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்வதால், கெட்டிப்படும் சூடு மேலே போகிறது. இனிப்பு மிகுந்த கேக்கில் அது 85 டிகிரியைத் தாண்டி 90-ஐ நெருங்கவும் கூடும். கோவையில் கேக் 90 டிகிரியில் கெட்டிப்பட்டாலும் கொதிநிலைக்கு இன்னும் எட்டு டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. உதகையில் அந்த இடைவெளி இரண்டு, மூன்று டிகிரியாகச் சுருங்குகிறது. கேக்கின் நடுப்பகுதி அந்தக் கடைசிச் சில டிகிரிகளைக் கடக்க வெகுநேரம் தத்தளிக்கிறது. அதற்குள் குமிழிகள் அளவுக்கு மீறி விரிந்து உடைந்துவிடுகின்றன. தாங்குவதற்குச் சுவர் இல்லாததால் நடுப்பகுதி இறங்குகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று: சர்க்கரையைக் குறைத்துக் கெட்டிப்படும் சூட்டைக் கீழே இறக்குவது, ஓவன் சூட்டைச் சற்று ஏற்றிக் குமிழிகள் உடையும் முன் சுவரைக் கட்டுவது, வாயுவின் அளவைக் குறைத்து விரிவைக் கட்டுப்படுத்துவது. நீர்ப்பதத்தையும் மாவையும் சற்றுக் கூட்டுவது இவற்றுக்குத் துணை செய்யும் வேலை.

முதலில் அளக்க வேண்டியவை

சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால் ஊரின் உயரத்தைத் தேடவே வேண்டியதில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி வெப்பமானியை நடுவில் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். வால்பாறையில் 96-ஐ ஒட்டியும், குன்னூரில் 94-ஐ ஒட்டியும் காட்ட வேண்டும். உதகையில் உங்கள் கருவி 96 காட்டினால், கருவிதான் மூன்றரை டிகிரி கூட்டிச் சொல்கிறது. ரொட்டிக்கு வரும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது அளவு ஓவனுடையது. வீடுகளில் இருக்கும் ஓடிஜி ஓவன்களின் திருகு காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் இருபது டிகிரி வேறுபாடு இருப்பது அரிதன்று. நாம் செய்யப்போகும் மாற்றமே பத்து டிகிரி என்பதால், ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியைக் கம்பித் தட்டின் நடுவில் வைத்துப் பார்க்காமல் மாற்றம் செய்வது கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவதற்குச் சமம். உதகையின் குளிர்கால இரவில் சமையலறையே 12, 13 டிகிரியில் இருக்கும்போது சிறிய ஓவன் சூடேறவும் கூடுதல் நேரம் பிடிக்கும். கோவையில் பதினைந்து நிமிடம் முன்சூடு கொடுப்பவர்கள் அங்கே இருபத்தைந்து நிமிடம் கொடுப்பது நல்லது.

வெண்ணெய் கேக்: கோவைக் கணக்கிலிருந்து உதகைக் கணக்குக்கு

எட்டு அங்குல வட்ட டின்னுக்கு நான் கோவையில் எடுக்கும் அளவு இது: மைதா 200 கிராம், வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 3, பால் 100 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். ஓவன் 170 டிகிரி, நேரம் 42 நிமிடம். இதை உதகைக்கு ஒவ்வொன்றாக மாற்றுவோம்.

பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனுக்குக் கால் டீஸ்பூன் வீதம் குறைக்க வேண்டும். ஒன்றரை டீஸ்பூன், ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல் என்று ஆகும். டீஸ்பூனைத் தலைதட்டி அளப்பது முக்கியம். குவித்து எடுத்தால் குறைத்தது அனைத்தும் திரும்பி வந்துவிடும். சமையல் சோடா போடும் தயிர் கேக், கோகோ கேக் போன்றவற்றில் மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. அங்கே சோடா வாயு உண்டாக்குவதோடு புளிப்பையும் சரிக்கட்டுகிறது. பாதிக்கும் கீழே குறைத்தால் கேக் வெளிறிப் புளிக்கத் தொடங்கும். கால் பங்குக்கு மேல் குறைக்காமல், மீதியைச் சர்க்கரையிலும் சூட்டிலும் சரிசெய்துகொள்வதே என் வழக்கம்.

சர்க்கரையை 200 கிராமிலிருந்து 175 கிராமாகக் குறையுங்கள். நாக்குக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் நான் செய்த மாற்றங்களில் கேக்கின் நடுவைத் தூக்கி நிறுத்தியது இதுதான். சர்க்கரையைக் குறைக்க மனமில்லாமல் பேக்கிங் பவுடரை மட்டும் குறைத்தவர்கள், அமுங்காத ஆனால் களிபோல இறுகிய கேக்கை எடுத்து வந்து என்னிடம் காட்டியிருக்கிறார்கள்.

பாலை 100 மில்லியிலிருந்து 120 மில்லியாக உயர்த்துங்கள். குறைந்த சூட்டில் கொதிப்பதால் ஓவனில் ஈரம் சீக்கிரம் போய்விடும் என்பதற்காக இது. மைதாவை இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் கூட்டி 215 ஆக்குங்கள். இங்கே நம் மலைக்கு உரிய ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். உயரத்துக்கான அளவுப் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே காற்று வறண்டது. மைதாவும் காய்ந்து கிடக்கும். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் டப்பாவில் இருக்கும் மைதாவே காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனத்திருக்கும். அந்த மாதங்களில் பாலைப் பத்து மில்லி மட்டும் கூட்டினால் போதும். பனி விழும் வறண்ட ஜனவரி, பிப்ரவரியில் முழு இருபது மில்லியையும் கூட்டலாம். மாவு கரண்டியிலிருந்து ஒரே கட்டியாக விழாமலும் தண்ணீராக ஓடாமலும், மெல்ல நழுவி விழுந்து ஓரிரு நொடி மேலே தடம் காட்டி மறைய வேண்டும்.

இனிச் சூடு. 170-ஐ 180 டிகிரி ஆக்குங்கள். எட்டு முதல் பதினான்கு டிகிரி வரை கூட்டுவதே பொதுவான வழக்கம். எட்டு அங்குல டின்னுக்கு பத்து பொருத்தமாக இருக்கிறது. ஆழமான டின்னாகவோ பழக் கேக்காகவோ இருந்தால் எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மேற்புறம் கறுத்து நடுப்பகுதி மாவாகவே நிற்கும். சிறிய கப் கேக்குகள் பதினான்கையும் தாங்கும். ஓவனில் விசிறி ஓடுமானால் கேக்குக்கு அதை நிறுத்திவிடுவது நல்லது. நிறுத்த வசதி இல்லையென்றால் 180-க்குப் பதில் 165 வையுங்கள்.

சூடு கூடியதால் நேரம் குறையும். முப்பது நிமிட வேலைக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் குறைவது வழக்கம். அக்கணக்கின்படி 42 நிமிடக் கேக்குக்கு 31 முதல் 35 நிமிடம் வருகிறது. ஆனால் பட்டியல்கள் சொல்லாத ஒன்று இங்கே குறுக்கே வரும். கோவையில் முட்டையும் பாலும் 28 டிகிரியில் இருப்பதால் மாவும் அந்தச் சூட்டிலேயே ஓவனுக்குள் போகிறது. உதகையில் குளிர்ந்த அறையில் கலந்த மாவு 15 டிகிரியில் போகும். அதைச் சூடேற்றவே சில நிமிடம் கூடுதலாகும். அந்தச் சில நிமிடங்களில் விளிம்பு வெந்து நடுப்பகுதி பின்தங்கிவிடும். எனவே முட்டையைத் தோட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவைத்து, பாலை விரல் பொறுக்கும் சூட்டில் ஊற்றி, வெண்ணெயை விரல் பதியும் அளவுக்கு இளக்கிய பிறகே தொடங்குங்கள்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிப்பதிலும் கை அடங்க வேண்டும். கோவையில் வெளுத்து நுரைபோல வரும்வரை அடிப்போம். மேலே அதில் முக்கால் பங்கு போதும். முட்டை வெண்கருவைத் தனியே அடித்துச் சேர்க்கும் ஸ்பாஞ்ச் வகையில், கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து சாயும் பதத்தோடு நிறுத்துங்கள். விறைத்து நிற்கும்வரை அடித்த வெண்கருவின் குமிழிகளுக்கு மேற்கொண்டு விரிய இடமில்லை. ஓவனில் அவை வெடிக்கும்.

டின்னில் பட்டர் பேப்பர் போட்டு, பாதிக்கு மேல் மாவு ஊற்றாமல், கம்பித் தட்டை வழக்கத்தைவிட ஒரு படி கீழே வைத்துச் செலுத்துங்கள். முதல் இருபத்தைந்து நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்து, மேற்புறம் நிறம் ஏறியிருந்தால் முப்பதாவது நிமிடத்தில் குச்சியைக் குத்திப் பாருங்கள். எனக்கு அந்தக் கேக் 35-ஆவது நிமிடத்தில் வந்தது.

தவறினால் எதைப் பார்ப்பது

எந்த நேரத்தில் அமுங்கியது என்பதுதான் முதல் தடயம். ஓவனுக்குள்ளேயே வேகமாக எழும்பி, நேரம் முடிவதற்குள் இறங்கியிருந்தால், வாயுவும் சர்க்கரையும் அதிகம். வெளியே எடுத்த பின் மெல்ல இறங்கி, வெட்டும்போது நடுவில் பசைபோல ஒரு பட்டை தெரிந்தால், வேகவில்லை. அடுத்த முறை சூட்டை மாற்றாமல் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஓரங்களில் சர்க்கரை உருகிப் பிடித்தது போல ஒட்டும் பளபளப்பான வளையம் இருந்தால், சர்க்கரை இன்னும் குறைய வேண்டும். நடுவில் கூம்பாகப் புடைத்து மேற்புறம் பிளந்திருந்தால், சூடு கூடிவிட்டது. ஐந்து டிகிரி இறக்குங்கள். அமுங்காமல் நன்றாக இருந்தும் மறுநாளே உதிர்ந்தால் பாலைக் கூட்டுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி எழுதி வையுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முட்டையில்லாத கேக் இதில் தனி ரகம். நம் பக்கம் பல வீடுகளில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித்தான் செய்வார்கள். முட்டைப் புரதம் இல்லாததால் கட்டிப் பிடிக்கும் வேலை முழுவதும் மாவுச்சத்தின் தலையில் விழுகிறது. அந்த மாவுச்சத்தையோ கண்டென்ஸ்டு மில்க்கின் சர்க்கரை தடுத்து நிறுத்துகிறது. அதன் எடையில் பாதியை நெருங்கும் அளவுக்குச் சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதை நாம் எடுக்க முடியாது. ஆகவே மேற்கொண்டு போடும் சர்க்கரையை முற்றிலும் விட்டுவிட்டு, அகலமான டின்னில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு மேல் போகாதபடி ஊற்றுங்கள். தட்டையான கேக்கில் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் தூரம் குறைவு என்பதால் அமுங்கும் வாய்ப்பும் குறையும். உயரமான முட்டையில்லாக் கேக் வேண்டுமென்றால், இரண்டு தட்டைக் கேக்குகளை அடுக்குவதே உதகையில் பாதுகாப்பான வழி.

வால்பாறை உயரத்தில் மேற்சொன்ன மாற்றங்களில் பாதியைச் செய்தால் போதும். சூடு ஐந்து டிகிரி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. ஏற்காட்டில் பாதிக்குச் சற்று மேல். குன்னூர், கோத்தகிரியில் உதகைக் கணக்கில் முக்கால் பங்கு சரியாக வரும்.

ரொட்டி

ரொட்டிக்குச் சர்க்கரைச் சிக்கல் கிடையாது; பசைப்புரதம் வலை பின்னி வைத்திருப்பதால் குமிழிகளும் எளிதில் உடையா. இங்கே தவறுவது இரண்டு இடங்களில்: எழும்ப விடும் நேரத்திலும், வெந்துவிட்டதா என்று பார்ப்பதிலும்.

காற்றழுத்தம் குறைவு என்பதால் ஈஸ்ட் விடும் வாயு மாவை விரைவில் உப்பச் செய்யும். அதேவேளை உதகையின் குளிர் ஈஸ்டைத் தூங்க வைக்கும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், கடிகாரத்தைப் பார்த்து ரொட்டி செய்யவே முடியாது. சித்திரை மாதக் கோவையில் முக்கால் மணி நேரத்தில் இரு மடங்காகும் மாவு, மார்கழி உதகையில் மூன்று மணி நேரம் எடுக்கலாம். குளிருக்குப் பயந்து ஈஸ்டைக் கூட்டினால், ஓவனுக்குள் போனவுடன் ரொட்டி பாய்ந்து எழும்பிக் கிழியும். 400 கிராம் மைதாவுக்குக் கோவையில் 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போடுபவர் உதகையில் 3 கிராம் போட்டு, தண்ணீரைப் பத்து, பதினைந்து மில்லி கூட்டி, அணைத்து வைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு மாவை மூடி வைக்கட்டும். முதல் முறை எழும்பியதும் அமுக்கி, மறுபடியும் ஒருமுறை எழும்ப விட்டு, அதன் பிறகே உருட்டி டின்னில் இடுவது நல்லது. சுவையும் கூடும், குமிழியும் சீராகும். டின்னில் முழுதாக இரு மடங்காகும்வரை காத்திருக்கக் கூடாது. மாவை விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மட்டும் திரும்பி வரும் நிலையில் ஓவனுக்குள் அனுப்புங்கள்.

கோவையில் 200 டிகிரியில் 35 நிமிடம் சுடும் பால் ரொட்டியை, உதகையில் முதல் பத்து நிமிடம் 215-இலும் பிறகு 200-இலும் சுடுங்கள். முதற்சூடு மேல்தோலைச் சீக்கிரம் இறுக்கி, மிகையாக எழும்புவதைத் தடுக்கும். அதையே இறுதிவரை வைத்தால் ரொட்டி காய்ந்துவிடும். மொத்தம் 30 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.

வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ரொட்டியின் நடுச்சூடு 95 டிகிரி ஆனால் வெந்துவிட்டது என்று படித்திருப்பார்கள். உதகையில் தண்ணீர் 92.5-இல் கொதிக்கும்போது ஈரமான ரொட்டி 95-ஐ எப்படி எட்டும்? எட்டும்வரை காத்திருந்தால், உள்ளே இருக்கும் ஈரம் எல்லாம் போய் ரஸ்க்தான் மிஞ்சும். கோவையில் கொதிநிலையைவிட மூன்று, நான்கு டிகிரி கீழே எடுக்கிறோம் அல்லவா, அதே இடைவெளியை உதகையிலும் வையுங்கள்: 89 டிகிரியைத் தொட்டதும் எடுக்கலாம். குன்னூரில் 90 முதல் 91. உங்கள் வெப்பமானி கூட்டிச் சொல்கிறதா குறைத்துச் சொல்கிறதா என்று கொதிக்கும் தண்ணீரில் பார்த்த கணக்கை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்க்கலாம். உள்ளே காலியாக இருப்பது போல ஒலித்தால் வெந்துவிட்டது, மந்தமாக ஒலித்தால் டின் இல்லாமல் வெறும் கம்பித் தட்டில் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள்.

உதகையின் வர்க்கிக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தேவைப்படாதது ஏன் என்று அத்தை ஒருமுறை கேட்டார். அடுக்கடுக்காக மடித்து, ஈரம் முழுவதும் போகும்வரை மொறுமொறுவென்று சுடுவது வர்க்கி. ஈரம் போய்விட்ட பிறகு கொதிநிலை என்ற தடை அதற்கு இல்லை. பிஸ்கட்டுக்கும் அப்படித்தான். தட்டில் பரவினால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி மைதாவைக் கூட்டினால் போதும்.